கீரைக் கஞ்சியும் மறுநாள் காலையும்

தெரிந்தவர் ஒருவர், கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றில் எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். நடுவில் இரண்டு பக்கத்துக்கு ஒரு சிறுகதை. ஊருக்குப் புதிதாக வந்த பணியாளர் மரத்தடியில் தாய்மார்களைக் கூட்டி, குழந்தையின் கஞ்சியில் ஒரு கைப்பிடி கீரை சேருங்கள், கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது என்கிறார். ஒரு பாட்டி மட்டும் முணுமுணுக்கிறாள். பணியாளர் சிரித்த முகத்தோடு விளக்கியதும் பாட்டியும் தலையாட்டி விடுகிறாள். மூன்று மாதத்தில் ஊரில் உள்ள குழந்தைகள் எல்லாம் கொழுகொழுவென்று ஆகிவிடுகின்றன. சுபம். ஒற்றுப்பிழைகளைத் திருத்தி அனுப்பிவிட்டேன். ஆனாலும் அந்தக் கதை என்னவோ செய்துகொண்டே இருந்தது. எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. சொன்ன தகவல் எல்லாம் ஏறக்குறைய சரிதானே?

என் பெரியம்மா எண்பதுகளில் இந்த வேலை பார்த்தவர். தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று உலக வங்கிக் கடனுதவியோடு 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கினார்களே, அதில். சத்துணவுக் கூடத்துக்கு வரும் வயதை எட்டாத பிள்ளைகள், அதாவது ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ளவர்கள்தான் அந்தத் திட்டத்தின் குறி. மாதம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும், எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துருண்டை கொடுக்க வேண்டும், தாய்க்குச் சாப்பாட்டு முறையைச் சொல்லித்தர வேண்டும். பணியாளரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விசேஷம் இருந்தது. உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். ஏழை வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் அவள் பிள்ளைகள் திடமாக இருந்தால் அவளுக்கு முன்னுரிமை. இதே கூலியில், இதே ஊரில், பிள்ளையை நன்றாக வளர்த்துக் காட்டியவள் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள் என்று கணக்கு. பெரியம்மா அப்படித்தான் டீச்சர் ஆனார். ஊருக்கு இன்றைக்கும் அவர் டீச்சர்தான்.

அவரிடம் கையேட்டுக் கதையை வாசித்துக் காட்டினேன். கடைசி வரை பேசாமல் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். “எல்லாஞ் சரி, மறுநா காலையில பிள்ளைக்கு எப்பிடிப் போச்சுன்னு எழுதியிருக்கா?”

எழுதவில்லை. அந்தக் கேள்வியைச் சுற்றி அவர் சொன்னதுதான் இனி வருவது.

தராசு சொல்லாதது

முதலில் அந்த இரும்புச்சத்தை எடுத்துக்கொள்வோம். ஈர்க்கு நீக்கிய முருங்கைக்கீரை, குழந்தைக் கஞ்சியில் போடுகிற அளவுக்கு ஒரு சிறு கைப்பிடி என்றால் பத்து கிராம் இருக்கும். நூறு கிராமில் நாலு, நாலரை மில்லிகிராம் இரும்பு. பத்து கிராமில் அரை மில்லிகிராம்கூட வராது. அதிலும் தாவர இரும்பில் குடல் எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். கஞ்சி கேழ்வரகில் காய்ச்சியதாக இருந்தால் அதிலுள்ள பைட்டேட்டும் துவர்ப்பும் அதையும் குறைத்துவிடும். பிள்ளைக்கு ரத்தசோகை என்றால் கீரைக் கஞ்சியை நம்பி உட்கார முடியாது. அதனால்தான் இப்போது ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு தடவை இரும்புச்சத்து மருந்து கொடுக்கிறார்கள். ஆக, கையேட்டுக் கதை கீரையை விற்றதே தப்பான சரக்கைச் சொல்லித்தான்.

எடைக் கணக்கு இதைவிட மோசம். பத்து கிராம் கீரையில் பத்துக் கலோரிகூடக் கிடையாது. அது ஒரு பிள்ளையையும் மூன்று மாதத்தில் கொழுகொழுவென்று ஆக்காது. ஏழு கிலோ பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது ஒரு டம்ளர் அளவு. அந்த டம்ளரில் சிறு கரண்டி மாவு போட்டு நீர்க்கக் காய்ச்சினால் முப்பது நாற்பது கலோரி. அதே டம்ளரில் முப்பது கிராம் மாவைக் கெட்டியாகக் காய்ச்சினால் நூறு. மேலே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் இன்னொரு நாற்பது சேரும். தாய்ப்பால் குடிக்கும் பத்து மாதப் பிள்ளைக்கு மற்ற உணவிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 300 கலோரி வேண்டும். நீர்க்கஞ்சியை மூன்று வேளை கொடுத்தாலும் நூறு சொச்சத்தில் நின்றுவிடும். கெட்டிக் கஞ்சி எண்ணெயோடு மூன்று வேளை போனால், கொஞ்சம் துப்பியது சிந்தியது போக, அந்த அளவைத் தாண்டிவிடும். எடையை ஏற்றுவது மாவும் எண்ணெயும்தான்.

அப்புறம் கீரை எதற்கு? கண்ணுக்கு. முருங்கைக்கீரையில் பீட்டா கரோட்டின் ஏராளம். சமைக்கும்போது போவது, குடலில் ஏறாமல் போவது எல்லாவற்றையும் கழித்தாலும் அந்தச் சின்னக் கைப்பிடி, ஒரு பிள்ளையின் ஒரு நாள் வைட்டமின் ஏ தேவையில் கணிசமான பங்கைக் கொடுத்துவிடும். அதுவும் கூடவே எண்ணெய் இருந்தால்தான். கரோட்டின் கொழுப்பில் கரைகிற பொருள், வெறும் தண்ணீர்க் கஞ்சியில் போட்டால் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும்.

பெரியம்மாவின் சிக்கல் இங்கே தொடங்குகிறது. மாதா மாதம் சால்ட்டர் தராசை உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டு, பிள்ளையைத் துணிப்பையில் உட்கார வைத்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார். தாய்மார் நம்பியது அந்தப் புள்ளியைத்தான். கண்ணுபட்டுரும் என்று ஊர் முன்னால் எடை பார்க்க வர மறுத்தவர்கள்கூட, ஒரு வருஷத்தில் கோடு மேலே போகிறதா என்று எட்டிப் பார்க்கப் பழகியிருந்தார்கள். கீரை செய்கிற நன்மை எதுவும் அந்தக் கோட்டில் விழாது. கைப்பிள்ளைக்குக் கண் நன்றாகத் தெரிகிறதா என்று யாரால் சொல்ல முடியும்? நன்மை கண்ணுக்குத் தெரியாது, எப்போது வரும் என்றும் தெரியாது. தொந்தரவோ மறுநாள் காலையிலேயே துணியில் பச்சையாகத் தெரிந்துவிடும். இப்படி ஒரு பொருளை ஒருவர் தலையில் கட்டுவது எப்படி? என்னைக் கேட்டால், சுகாதாரப் பிரச்சாரம் தோற்கிற இடங்களில் பாதி இந்த ஏற்றத்தாழ்வில்தான் தோற்கிறது. பாட்டியின் அறியாமை என்று எழுதிவிடுவது நமக்குச் சுலபம், அவ்வளவுதான்.

சங்கில் இறங்காத கஞ்சி

பெரியம்மா சொன்ன வீட்டில் பத்து மாதப் பெண் குழந்தை, எடை ஆறேகால் கிலோ. வளர்ச்சி அட்டையில் இரண்டாம் நிலை ஊட்டக்குறைவு. தாய் களையெடுப்புக்குப் போகிறவள். ஏழு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவாள். பிள்ளை அப்பத்தாவின் பொறுப்பில். நாலு வயதில் ஒரு அண்ணன். பொழுது சாய்ந்தால் அவன் வாசலைத் தாண்ட மாட்டான், தட்டில் சோறு வைத்தால் கையால் தடவித்தான் எடுப்பான். மாலைக்கண். இதை அந்த வீட்டில் யாரும் மறைக்கவில்லை. ஆட்டு ஈரல் சுட்டுக் கொடுத்தால் சரியாகும் என்று அப்பத்தாவுக்கே தெரிந்திருந்தது. அது நல்ல மருந்துதான், ஈரலில் வைட்டமின் ஏ கொட்டிக் கிடக்கிறது. வாங்கத்தான் காசு இல்லை.

பெரியம்மா இரும்பு, சத்து என்றெல்லாம் பேச்சே எடுக்கவில்லை. “மூத்தவனுக்கு வந்தது சின்னவளுக்கு வேணாம்னுதான் வந்தேன்த்தே” என்று ஆரம்பித்தார். முதல்முறை அப்பத்தா காது கொடுத்தது அதற்குத்தான். மூத்தவனைத் துணைச் செவிலியரிடம் கூட்டிப்போய் வைட்டமின் ஏ திரவம் கொடுக்க வைத்தது தனி. அவனுக்குக் கஞ்சியை நம்பிக் காத்திருக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். அது தெரியாமல் கீரை கீரை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த சக பணியாளர்களும் உண்டு என்று அலுத்துக்கொண்டார்.

ஆனால் கஞ்சியில் கீரையைப் போடுவது, சொல்வதுபோல் ஒற்றை மாற்றம் இல்லை. அங்கே பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுவது சங்கில். மடியில் போட்டுச் சங்கைச் சாய்த்தால் இறங்க வேண்டும், அந்தப் பதத்துக்குத்தான் கஞ்சியே காய்ச்சுவார்கள். கீரை போட்டால் சங்கின் மூக்கில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அப்பத்தா என்ன செய்வாள்? இன்னும் தண்ணீர் ஊற்றுவாள். கீரையைச் சேர்க்கப்போய்க் கஞ்சி முன்னைவிட நீர்த்துவிடும். அதனால் சங்கை விட்டு, கையால் ஊட்டுவது என்ற பழக்கத்துக்கு முதலில் வர வேண்டியிருந்தது. கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழியக் கூடாது, அதுதான் பதம். அவ்வளவு கெட்டியை முழுங்காது என்று அப்பத்தா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதற்குப் பெரியம்மா வைத்திருந்த உபாயம் முளைகட்டிய கேழ்வரகு மாவு. கெட்டியாகக் காய்ச்சி இறக்கிய கஞ்சி கொஞ்சம் ஆறியதும் அதில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கிண்டினால், முளைப்பில் உண்டான நொதி மாவுப்பொருளை உடைத்து, கூடத் தண்ணீர் ஊற்றாமலேயே கஞ்சியை இளக்கிவிடும். பிறகு ஒரு கொதி விட்டு இறக்க வேண்டும். சத்து அதே சத்து, முழுங்க மட்டும் லேசு. இதைச் செய்து காட்டியபோது அப்பத்தா முகத்தில் வந்த ஆச்சரியம், எந்தப் படத்தைக் காட்டியபோதும் வரவில்லையாம்.

இன்னொன்று, இனிப்பு. பிள்ளைக் கஞ்சி என்றால் கருப்பட்டி போட்டது. கருப்பட்டிக் கஞ்சியில் முருங்கைக்கீரையைப் போட்டுத் தின்று பாருங்கள், வாயில் வைக்க முடியாது. இன்றைக்கு அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் வெல்லம் இருக்கிறது, அதில் கீரை சேருங்கள் என்று எழுதுகிறவர்கள் ஒருநாள் செய்து பார்த்ததுண்டா என்று எனக்குச் சந்தேகம். பெரியம்மா அதை உப்புக் கஞ்சியாக மாற்றினார். மூன்று பங்கு அரிசி, ஒரு பங்கு பாசிப்பருப்பு, தனித்தனியாக வாசம் வர வறுத்து, ஒரு சிட்டிகை சீரகத்தோடு சேர்த்துத் திரித்த மாவு. ஒரு வேளைக்கு இரண்டு பெரிய கரண்டி. கீரையைத் துணியில் சுற்றி ராத்திரி வைத்துவிட்டால் காலையில் உதறினாலே இலை தனியாக உதிரும், ஈர்க்கைப் பொறுக்குகிற வேலை பாதியாகக் குறையும். ஈர்க்கு ஒன்று தொண்டையில் ஒட்டிப் பிள்ளை ஓங்கரித்தால் அன்றோடு அந்த வீட்டில் கீரைக்கு முடிவு கட்டிவிடுவார்கள். அதனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் கறார். இலையை நன்றாக வேகவைத்து, மத்தால் மசித்து, கஞ்சியோடு சேர்த்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட வேண்டும்.

முதல் நாள் பிள்ளை துப்பியது. துப்பும் என்று சொல்லித்தான் வைத்திருந்தார். புதுச் சுவையைப் பிள்ளைகள் எட்டு, பத்து தடவை கண்ட பிறகுதான் பழகும். ஒரு வாய், இரண்டு வாய் என்று விட்டுப்பிடிக்க வேண்டும். துப்பியதைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டால் காரியம் அங்கேயே முடிந்தது.

கீரையைச் சுடவைக்கக் கூடாது

நாலைந்து நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு காலையில் அப்பத்தா தெருவில் நின்று சத்தம் போட்டாள். “டீச்சரு குடுக்கச் சொன்ன கீரையில பிள்ளைக்கு மாந்தம் கண்டிருச்சு. பச்சை பச்சையாப் போகுது, தண்ணியாப் போகுது, மொகமே சுண்டிப்போச்சு.” அடுத்த எடை நாளில் அந்தத் தெருவிலிருந்து ஒருத்தியும் வரவில்லை. வந்தால் பிள்ளைக்குக் கீரை போடச் சொல்வார்களே!

கையேட்டுக் கதையாக இருந்தால், பணியாளர் அந்த இடத்தில் கீரையால் பேதி வராது, அது மூடநம்பிக்கை என்று விளக்கியிருப்பார். பெரியம்மாவும் அதைத்தான் சொல்லியிருக்கக் கூடும், பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் முதலில் பிள்ளையைப் பார்த்தார். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தது, கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வைத்தார். தாய்ப்பாலை நிறுத்தவிடவில்லை. பிள்ளை தெளிந்த பிறகு அப்பத்தாவின் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, காலையில் அடுப்புப் பற்றவைத்ததிலிருந்து ராத்திரி பிள்ளை தூங்கியது வரை என்ன செய்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குற்றம் கண்டுபிடிக்க வந்தவளிடம் யாரும் அப்படி வாய் திறக்க மாட்டார்கள். அவர் கேட்ட தோரணை, சமையல் பக்குவம் கேட்பது மாதிரி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

காலை ஏழு மணிக்கு, தாய் வேலைக்குப் போகுமுன் கஞ்சி காய்ச்சிவிடுவாள். அதுதான் பிள்ளைக்கு அன்றைய நாள் முழுவதற்கும். பதினொரு மணிக்கு ஒரு தடவை, இரண்டு மணிக்கு ஒரு தடவை அதிலிருந்தே கொடுப்பாள் அப்பத்தா. கீரை சேர்ப்பதற்கு முன்னும் அதே கதைதான், ஒரே சட்டி, நாள் முழுக்க. அப்படியானால் இப்போது மட்டும் ஏன் பேதி?

“முன்னெல்லாம் மத்தியானம் குடுக்குறப்பச் சுடவச்சுக் குடுப்பியாத்தே?”

“பின்னே? ஆறின கஞ்சியவா குடுப்பாக?”

“இப்ப?”

“கீரை போட்டதை மறுக்கா சுடவைக்கலாமா? வெசமால்ல ஆயிரும்!”

பெரியம்மா இதைச் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கீரையை மறுபடி சூடு பண்ணக் கூடாது என்பது எங்கள் வீட்டிலும் உண்டு, உங்கள் வீட்டிலும் இருக்கும். அப்பத்தா அந்த விதியைப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறாள். வெறும் கஞ்சியாக இருந்தவரை மத்தியானம் ஒரு கொதி கொதித்தது. அந்தக் கொதியில் கிருமிகள் பெரும்பாலும் செத்தன. கீரை சேர்ந்த பிறகு, சித்திரை வெயிலில் ஏழு மணி நேரம் மூடிக் கிடந்த கஞ்சி கொதிக்காமல் பிள்ளை வயிற்றுக்குப் போயிற்று. பருப்பும் மாவும் ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் கிருமி பெருக வேறென்ன வேண்டும்? ஆக, கீரைதான் பேதிக்குக் காரணம். அப்பத்தா சொன்னது உண்மை. கீரைக்குள் இருந்த எதுவும் காரணம் இல்லை, கீரை அந்த வீட்டின் நடைமுறையில் உண்டாக்கிய மாற்றம்தான் காரணம். அவள் பார்த்தது பொய்யில்லை. கீரை கொடுத்தாள், பேதி வந்தது, நிறுத்தினாள், நின்றது. ஆராய்ச்சியாளர் ஒருவர் இந்த அளவு சான்றைக் கையில் வைத்திருந்தால் நாம் மூடநம்பிக்கை என்று சொல்வோமா?

இந்தக் கட்டத்தில் பெரியம்மாவுக்கு முன் இரண்டு வழி இருந்தது. கீரையைச் சுடவைத்தால் ஒன்றும் ஆகாது என்று அப்பத்தாவின் விதியை உடைப்பது ஒன்று. பிள்ளைக்குச் சமைத்த மிச்சத்தை ஒரு கொதி விட்டுக் கொடுப்பது, அப்படியே கொடுப்பதைவிட எவ்வளவோ மேல், அதனால் அதை வாதாடி நிறுவியிருக்கலாம். அவர் அதைத் தொடவே இல்லை. ஒரு கிழவியிடம் இரண்டு விஷயத்தை ஒரே சமயத்தில் மாற்றச் சொன்னால் இரண்டும் நடக்காது என்றார். விதி அப்படியே இருக்கட்டும், கீரைக் கஞ்சி மிஞ்சவே கூடாது என்று மாற்றினார். மாவு முன்பே வறுத்துத் திரித்ததுதான், கொதிக்கிற தண்ணீரில் கரைத்துவிட்டால் ஐந்து நிமிஷத்தில் வெந்துவிடும். வேளைக்கு இரண்டு கரண்டி மாவை அந்தந்த வேளைக்கே காய்ச்சுவது. அடுப்பில் சுள்ளி வைத்து ஊத அப்பத்தாவுக்குச் சிரமமில்லை. கீரை பறித்து ஆய்வதுதான் மத்தியானம் முடியாது. அதற்கு முருங்கையிலையைக் கழுவி, நிழலில் காயவைத்து நொறுக்கிய பொடி. வெயிலில் காயவைத்தால் பச்சை வெளுத்துவிடும், கரோட்டினும் அதோடு போய்விடும், அதனால் வீட்டுக்குள் கயிற்றுக் கட்டிலில் துணி விரித்துப் பரப்பினார்கள். காய்ந்த பொடி ஒரு தேக்கரண்டியை, கஞ்சி கொதிக்கும்போதே போட்டுக் கிண்டிவிட வேண்டும். காய்வதில் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடுகிறது, அதற்குக் கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சை கிடைத்தால் பிழியலாம். கிடைத்தால்தான்.

முன்கூட்டியே சொன்னது

அந்த வீட்டில் கஞ்சி திரும்பத் தொடங்கியது. மற்ற வீடுகள்? அங்கே போய்ச் சேர்ந்திருந்தது பச்சைப் பேதி என்ற செய்தி மட்டும்தான். அங்கேதான் பெரியம்மா தன் பேச்சைத் தலைகீழாக மாற்றினார். அதுவரை நன்மையை முதலில் சொல்லி, தொந்தரவை யாராவது கேட்டால் சமாளித்துக்கொண்டிருந்தவர், தொந்தரவிலிருந்து ஆரம்பித்தார். “இன்னைக்குக் குடு. நாளைக்குக் காலையில பச்சையாப் போகும். இலை இலையாக்கூடக் கிடக்கும். போனதும் எங்கிட்ட வந்து சொல்லு” என்றார். மறுநாள் பிள்ளையின் துணியைப் பார்த்து அலற வேண்டியவள், டீச்சர் சொன்னது மாதிரியே போயிருக்கிறது என்று சொல்ல வந்தாள். பச்சை நிறம் பயத்துக்கு அடையாளமாக இருந்தது போய், டீச்சர் வாக்குக்குச் சாட்சியாக மாறிவிட்டது.

அதோடு விட்டுவிட முடியாது, ஏனென்றால் எல்லாப் பச்சையும் கீரை அல்ல. நிஜமான பேதியும் பச்சையாகப் போகலாம். எதைக் கண்டு பயப்படக் கூடாது என்று சொன்ன அதே வாயால், எதைக் கண்டு ஓடிவர வேண்டும் என்றும் சொன்னார். பச்சையாக இருந்தாலும் எப்போதும்போலக் கெட்டியாக, எப்போதும் போகிற தடவைதான் போகிறது, பிள்ளை விளையாடுகிறது என்றால் அது கீரை. தண்ணீராக மூன்று தடவைக்கு மேல் போனால், ரத்தமோ சளியோ கலந்திருந்தால், பால் குடிக்க மறுத்தால், கண் உள்வாங்கினால், உப்புச் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டிக்கொண்டே கூட்டி வா. நிறத்தைப் பார்க்காதே, தண்ணியா கெட்டியா என்று பார். தாய்மார்களுக்கு இது உடனே பிடிபட்டது. பிள்ளையின் துணியை அவர்களைப்போல் உன்னிப்பாகப் பார்க்கிறவர்கள் வேறு யார்?

எடைக் கோட்டையும் அவர் சாமர்த்தியமாகப் பயன்படுத்தினார், கொஞ்சம் கள்ளத்தனமும் உண்டு என்று நான் சொல்வேன். கீரையோடு எண்ணெய் கட்டாயம், கெட்டிப் பதம் கட்டாயம் என்று மூன்றையும் ஒரே கஞ்சியாகக் கட்டிவிட்டார். எடை ஏறியது எண்ணெயாலும் பதத்தாலும், பெயர் என்னவோ கீரைக் கஞ்சிக்கு. ஆறேகால் கிலோவில் இருந்த அந்தப் பெண் குழந்தையின் கோடு, பேதியில் ஒருமுறை சரிந்து, பிறகு மெதுவாக மேலேறியது. பிள்ளை தேறியது கீரையால்தான் என்று அப்பத்தா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்கள் திருத்தவில்லையா என்று கேட்டேன். “எதுக்குத் திருத்தணும்? எண்ணெயும் அதுக்குள்ளதான இருக்கு” என்றார். இதில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. எண்ணெய் தீர்ந்த மாதத்தில் கீரையை மட்டும் போட்டுவிட்டு எடை ஏறும் என்று ஒருத்தி காத்திருந்தால்? அப்படி இரண்டொருத்தி காத்திருந்ததும் உண்டாம். அவரே ஒப்புக்கொண்டார், ஆனால் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

மரம் இல்லாத வீடு

எல்லா வீடும் வழிக்கு வந்துவிட்டதா என்றால், இல்லை. கடைசி வரை வராத வீடுகளை எண்ணிப் பார்த்தால், அவற்றில் மாந்தம் என்று பயந்தவர்கள் குறைவு. மரம் இல்லாதவர்கள்தான் அதிகம். முருங்கைக்கீரை காசு கொடுத்து வாங்காத பொருள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். காசு இல்லாத பொருளை யாரிடமாவது கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஊரின் ஒரு பக்கத்தில் இருக்கும் மரத்தில் இன்னொரு பக்கத்தில் இருப்பவள் போய்க் கொப்பை வளைக்க முடியாது. கேட்டால் கொடுத்துவிடுவார்கள், ஆனால் தினமும் கேட்டு நிற்பதைவிடக் கீரையே வேண்டாம் என்று ஒருத்தி இருந்துவிட்டால், அவளிடம் போய்ச் சத்தைப் பற்றி என்ன பேசுவது?

பெரியம்மா அங்கெல்லாம் போத்து நட்டார். கைத்தடிக் கனத்தில் மூன்றடி, நாலடிக் கொப்பு. வெட்டிய நுனியில் தண்ணீர் இறங்கி அழுகாமலும் காய்ந்துபோகாமலும் இருக்கச் சாணியை உருட்டி வைப்பார்கள். வீட்டு முன்னால் முருங்கை ஆகாது என்பதால் கொல்லையில், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கமாகப் பார்த்து ஊன்றினார். சில மாதத்திலேயே தழைத்துவிடும் சாதி அது. வந்த மரத்துக்கும் ஒரு பருவத்தில் சோதனை உண்டு. மழை பிடித்ததும் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். பிள்ளை இருக்கிற வீடு, மேலே பட்டால் தடித்துப்போகும் என்று தீப்பந்தம் காட்டுவார்கள், அதிலும் போகாவிட்டால் மரத்தையே வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதனால் முருங்கைக்கீரை கிடையாது. அந்த இரண்டு மாதத்துக்கு வெயில் காலத்திலேயே பொடி இடித்துத் தகர டப்பாவில் இறுக்கி மூடி வைக்கச் சொல்வார். ஈரம் ஏறிப் பூசணம் பிடித்ததைத் தூக்கிக் கொட்டச் சொல்லவும் வேண்டியிருந்தது, ஏனென்றால் வீணாக்க மனம் வராமல் அதையும் கஞ்சியில் போட்டவர்கள் இருந்தார்கள்.

ஒரு வீட்டில் மட்டும் போத்தை இரண்டு தடவை நட்டும் பிழைக்கவில்லை. களிமண், தண்ணீர் தேங்குகிற தாழ்வான இடம், முருங்கைக்கு அது ஆகாது. மூன்றாம் தடவை அந்தத் தாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பதிலாகத் தண்டுக்கீரை விதை கொடுத்தார் பெரியம்மா. அது அந்த மண்ணில் வந்தது, ஆனால் கோழி கொத்திவிடும், வேலி கட்ட ஆள் இல்லை. அந்தப் பிள்ளைக்குக் கீரை இல்லாமலேயே எண்ணெய் விட்ட கெட்டிக் கஞ்சி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை செவிலியர் கொடுத்த வைட்டமின் ஏ திரவம், பப்பாளி கிடைத்தபோது பப்பாளி. அந்தப் பிள்ளையின் எடையும் ஏறத்தான் செய்தது.